ஹாரனுக்குப் பொருத்திய கேமரா

என் மனைவியின் தங்கையை எங்கள் குடும்பத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஹாரன் என்றுதான் கூப்பிடுவோம். கல்யாணமாகி முதல் தடவை மாமனார் வீட்டுக்குப் போனபோது, மாடியிலிருந்து "அக்கா, அத்தான் வந்தாச்சு!" என்று ஒரு குரல் வந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த சைக்கிள்காரர் ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு நான் வைத்த பெயர் இது. நான் வைத்தது எதுவாக இருந்தாலும் நிலைத்து நிற்கும். பெயராக இருந்தாலும் சரி, வயராக இருந்தாலும் சரி.

நான் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கம் கிடையாது. கார் எலக்ட்ரிக் வேலையில் என் ஷெட்டுக்கு வராத வண்டி இல்லை. வந்து சரியாகாமல் போன வண்டியும் இல்லை. பெரிய கம்பெனி சர்வீஸ் சென்டரில் "முழு வயரிங்கையும் மாற்றணும்" என்று சொல்லி அனுப்பிய காரை, ஒரு எர்த் போல்ட்டைச் சுரண்டி முறுக்கியே ஓட வைத்திருக்கிறேன். இதையெல்லாம் என்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் எழுத உட்கார்ந்தது ஹாரனைப் பற்றி. அவளும் சும்மா ஆளில்லை.

என் ஷெட்டின் ஒரு மூலையில் தையல் மிஷின் போட்டு சீட் கவர் தைத்தவள் அவள். எந்தக் காரின் சீட்டுக்கு அடியில் எந்தப் போல்ட் இருக்கிறது, எந்தக் கதவு கொஞ்சம் தூக்கிச் சாத்தினால்தான் மூடும் என்பதெல்லாம் ஓட்டத் தெரிவதற்கு முன்னாலேயே அவளுக்குத் தெரியும். கவர் மாட்டுவதற்காகக் காரை உள்ளே தள்ளுவாள், வெளியே எடுப்பாள். அப்படி எடுத்து எடுத்தே ஓட்டக் கற்றுக்கொண்டாள். நான்தான் கற்றுக்கொடுத்தேன் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் அதை ஒத்துக்கொள்ள மாட்டாள்.

"நீங்க என்ன கத்துக்குடுத்தீங்க அத்தான்? 'பிரேக்கு, பிரேக்கு'ன்னு கத்தினீங்க. அது கத்துக்குடுக்குறதா, பயந்து கத்துறதா?"

அவள் புருஷனுக்குச் சிறுநீரகம் கெட்டுப்போனது. வாரத்தில் பாதி நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கப் படுக்க வேண்டும். ஹாரன் ஒரு பழைய காரை வாங்கி அவரைக் கூட்டிப்போய்க் கூட்டி வந்தாள். அவர் இறந்த பிறகு காரை விற்றுவிடுவாள் என்று எல்லோரும் நினைத்தோம். அவளோ, பக்கத்துப் படுக்கையில் படுத்திருந்த ஓய்வுபெற்ற வாத்தியாரைக் கூட்டிப்போக ஆரம்பித்தாள். பிறகு இன்னொருவர். அதற்கப்புறம் ஆஸ்பத்திரியே அவளைத் தன் வண்டிகளில் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டது. "அவர் படுத்திருந்த வார்டு பக்கமே போகாதே" என்று என் மனைவி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தாள். "போகலைன்னாதான் அவர் செத்துட்டாருன்னு தோணும் அக்கா" என்றாள் தங்கை. அதோடு என் மனைவி அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

பிரச்சினை அவள் கழுத்தில் வந்தது. வருஷக்கணக்கில் தையல் மிஷின் மேல் குனிந்த கழுத்து. போதாததற்கு ஒருமுறை மாடிப்படியில் விழுந்தாள். ஆபரேஷன் செய்து எலும்போடு ஒரு தகடு வைத்தார்கள். வலி போனது. கூடவே கழுத்தின் திருப்பமும் போனது. இப்போது அவளைப் பின்னாலிருந்து கூப்பிட்டால், கப்பல் திரும்புகிற மாதிரி முழு உடம்போடு திரும்புவாள். முன்னால் ஓட்ட ஒரு குறையும் இல்லை. டாக்டரும் ஓட்டலாம் என்று எழுதிக்கொடுத்தார்: நல்ல கண்ணாடிகளும் பின்பக்கக் கேமராவும் இருந்தால்.

அவளுக்குக் கேமரா வேண்டாமாம். "எனக்கு வாத்தியார் இருக்கார்" என்றாள்.

அந்த ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு ஒரு சரிவு இறங்குகிறது. ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் இரும்புக் கம்பித் தடுப்பு. கீழே திருப்ப இடம் கிடையாது. நோயாளி கதவு திறந்ததும் நேராகச் சக்கர நாற்காலியில் உட்கார வேண்டுமென்றால், கார் பின்பக்கமாகவே இறங்க வேண்டும். ஹாரனின் ஏற்பாடு என்னவென்றால், வாத்தியார் பின்சீட்டில் திரும்பி உட்கார்ந்து பின்கண்ணாடி வழியாகப் பார்த்துச் சொல்வார்: "வா... வா... வலப்பக்கம் ஒடி... வா... போதும்." நோயாளிக்கும் ஒரு வேலை, டிரைவருக்கும் ஒரு கண். நல்ல ஏற்பாடுதான். ஒரு நாள் வாத்தியார் "வா... வா..." என்று சொல்லிக்கொண்டே தூங்கிவிட்டார். சத்தம் நின்றதும் அவளும் நிறுத்தியிருக்கலாம். "யோசிக்கிறார்னு நெனச்சேன்" என்றாள். கார் கம்பித் தடுப்பில் உரசி, தடுப்பு வளைந்து, பம்பர் பிய்ந்தது.

ஆஸ்பத்திரியில் வண்டிகளைக் கவனிக்கும் மேற்பார்வையாளர் கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தெளிவாகச் சொல்லிவிட்டார்: "அம்மா, திங்கட்கிழமை காலையில நான் சரிவுல நிப்பேன். யாரும் வாயால சொல்லாம நீங்களா இறக்கிக் காட்டுங்க. முடியலைன்னா வாத்தியாரை வேற வண்டிக்கு மாத்திடுறேன். எனக்கு வேற வழியில்லை."

அன்று சாயங்காலம் அவள் என் ஷெட்டுக்கு வந்து நின்றாள். அவள் சத்தமில்லாமல் வந்ததே எனக்குப் பயமாக இருந்தது.

"அத்தான், அந்தக் கேமராவை மாட்டுங்க."

"இப்பத்தான் புத்தி வந்துச்சா?"

"புத்தி அப்பவே இருந்துச்சு. உங்ககிட்ட வந்து நிக்கணுமேன்னுதான் யோசிச்சேன்."

கேமரா மாட்டுவது எனக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. நம்பர் பிளேட்டுக்கு மேலே கேமரா. முன்னால் டேஷ்போர்டில் சின்ன மானிட்டர். ரிவர்ஸ் கியர் போட்டால் பின்னால் வெள்ளை லைட் எரியும் அல்லவா, அந்த லைட்டுக்குப் போகும் வயரிலிருந்தே கேமராவுக்கும் மின்சாரம், மானிட்டருக்கும் மின்சாரம். கியர் போட்டால் படம் வரும், கியரை எடுத்தால் போய்விடும். தனி சுவிட்சு வேண்டாம், தொல்லை வேண்டாம். மின்சாரம் திரும்பிப் போகும் எர்த் வயரைப் பக்கத்தில் கிடைத்த பாடி போல்ட்டில் கட்டினேன். எத்தனை காருக்கு இப்படிச் செய்திருக்கிறேன்! ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை.

சாவியைத் திருப்பி, இன்ஜின் ஓடாமல், ரிவர்ஸ் கியர் போட்டுப் பார்த்தோம். பின்னால் ஒரு நாற்காலி வைத்தேன். நாற்காலியின் உடைந்த கால் வரைக்கும் திரையில் தெரிந்தது.

"எப்படி?" என்றேன்.

"நாற்காலி நல்லாயிருக்கு. அதை மாத்துங்க அத்தான், யாராவது விழுந்துருவாங்க."

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். என் ஷெட்டுச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது: 'உள்ளே இன்ஜினை ஓடவிடாதே.' மூடிய ஷெட்டில் புகை சேர்ந்து ஒரு பையன் மயங்கி விழுந்த நாளிலிருந்து, கலெக்டரே வந்தாலும் அது சட்டம். சோதனை எல்லாம் சாவி நிலையில்தான். ஓடவிட வேண்டுமென்றால் வெளியே தள்ளிக்கொண்டு போக வேண்டும். கேமரா மாதிரி சின்ன வேலைக்கெல்லாம் யார் தள்ளுவது?

சனிக்கிழமை அவள் பழகிப் பார்க்கச் சரிவுக்குப் போனாள். மத்தியானம் திரும்பி வந்தபோது குரல் முழுசாகத் திரும்பிவிட்டிருந்தது. தெருமுனையிலேயே கேட்டது.

"அத்தான்! படம் தெரியலை! கோடு கோடா உருளுது, கறுப்பா ஒரு பட்டை மேல ஏறுது, மானிட்டர் அணைஞ்சு அணைஞ்சு எரியுது! நாற்காலிக்கு வந்த படம் எனக்கு வரலை!"

"கேமரா மட்டம்" என்றேன். வேறு கேமரா மாற்றினேன். சாவியைத் திருப்பிப் பார்த்தோம். பளிச்சென்று தெரிந்தது. "போ, இனி வராதே" என்றேன் பெருமையாக. அவள் போனாள். போன வேகத்தில் வந்தாள். அதே கோடுகள்.

"நீ என்னத்தையாவது தட்டிட்டே."

"நான் ஸ்டியரிங்கைத்தான் பிடிச்சேன். அதுல உங்க கேமரா இருக்கா?"

பேட்டரியை மாற்றிப் பார்த்தேன். வயரைக் குலுக்கிப் பார்த்தேன். ஷெட்டுக்குள் எல்லாம் நன்றாகவே இருந்தது. என் கை தொட்ட வேலை எனக்கே அடங்காமல் நின்ற நாள் அது. எனக்குச் சோறு இறங்கவில்லை. அவளுக்கும் இறங்கவில்லை. என் மனைவி இரண்டு தட்டையும் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமை வாத்தியாரை யார் கூட்டிட்டுப் போவா?" என்று கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை ஷெட்டுக்கு விடுமுறை. அன்று நான் கடையைத் திறந்ததைப் பார்த்து எதிர்க்கடைக்காரர் யாருக்கு உடம்பு சரியில்லை என்று விசாரித்தார். ஹாரன் காரோடு வந்தாள். கேமராவைக் கழற்றலாம் என்று நான் பின்னால் குனிந்தேன்.

"மறுபடியும் மாத்தப் போறீங்களா? போதும் அத்தான். நான் வாத்தியார்கிட்ட போய்ச் சொல்லிட்டு வந்துடுறேன்" என்று சொல்லி, ஷெட்டு வாசலுக்கு வெளியே நின்ற காரில் ஏறி இன்ஜினை ஓடவிட்டாள். கோபத்தில் முன் கியருக்குப் பதில் ரிவர்ஸில் போட்டாள். பின்கண்ணாடி வழியாக எனக்கு மானிட்டர் தெரிந்தது. கறுப்புப் பட்டை உருண்டது. மானிட்டர் அணைந்தது, எரிந்தது.

"பாருங்க!" என்று சொல்லி, இன்ஜினை அணைத்துவிட்டு, சாவியை மறுபடி திருப்பினாள். கியர் அப்படியே இருந்தது. படம் கண்ணாடி மாதிரி நின்றது. என் முகமே தெரிந்தது, வாயைத் திறந்தபடி.

"ஏம்மா, இன்னொரு தடவை ஓடவிடு. கிளட்ச்சை மிதிச்சுக்கோ, ஹேண்ட் பிரேக்கைப் போடு."

ஓடவிட்டாள். கோடுகள். அணைத்தாள், சாவி நிலை. சுத்தம்.

என் பலகை! என் சட்டம்! ஷெட்டுக்குள் ஒருநாளும் இன்ஜின் ஓடாததால்தான் இந்தக் கோளாறு என் கண்ணில் படவே இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நிமிஷம்கூட நான் அவள் மேல் பழி போடவில்லை. நேரமில்லை. மீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதினான்கு வோல்ட்டைத் தாண்டியது. அது சரி, டைனமோ சார்ஜ் ஏற்றுகிறது. ஆனால் ரிவர்ஸ் லைட் வயரில் மட்டும் பதிமூன்றைக்கூடத் தொடவில்லை. ஒரே வண்டியில் ஓர் இடம் ஏறி, இன்னோர் இடம் ஏறாமல் இருந்தால், நடுவில் யாரோ கை வைக்கிறார்கள். கைவைப்பது யார்?

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது, காது வரும். பழைய ரேடியோவிலிருந்து எடுத்த சின்ன ஸ்பீக்கர் ஒன்று என்னிடம் உண்டு, அதன் ஒரு வயரில் ஒரு கெப்பாசிட்டர் கட்டியிருப்பேன். ஒரே சீராக வரும் மின்சாரத்தை அது உள்ளே விடாது; துடிப்பை மட்டும் விடும். அதை லைட் வயரில் வைத்தேன். இன்ஜின் அணைந்திருந்தபோது மௌனம். ஓடியபோது, "ங்ங்ங்ங்" என்று ஒரு ரீங்காரம்.

"என்ன அத்தான், உங்க ஸ்பீக்கர் உறுமுது?"

"ஸ்பீக்கர் இல்லைம்மா, உன் கார்தான் உறுமுது. இந்தக் கார்ல லைட்டுக்குப் போற மின்சாரத்தை ஒரு கம்ப்யூட்டர் பெட்டி வெட்டி வெட்டி அனுப்புது. இன்ஜின் ஓடி வோல்ட் ஏறினா பல்பு சீக்கிரம் போயிடும்னு, ஏறின அளவுக்கு நடுநடுவுல வெட்டிடுது. பல்பு அணையறதுக்குள்ள அடுத்த துண்டு வந்துடும். அதனால கண்ணுக்கு நிலையா எரியற மாதிரி தெரியுது."

"கேமராவுக்கு?"

"கேமராவும் மானிட்டரும் பல்பு இல்லையே. ஒவ்வொரு வெட்டுக்கும் செத்துச் செத்துப் பொழைக்குது."

அவள் ஸ்பீக்கரைக் காதருகில் வைத்துக் கேட்டாள். "பாவம்" என்றாள். யாரைச் சொன்னாளோ தெரியவில்லை.

வேலையை முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்த முறை லைட்டை அதன் பாட்டுக்கு விட்டேன். அதனிடம் கேட்டது சேதி மட்டும்தான்: 'ரிவர்ஸ் போட்டாச்சு.' சாப்பாடு, அதாவது மின்சாரம், வேறு இடத்திலிருந்து. டேஷ்போர்டு ஃபியூஸ் பெட்டியில், சாவி போட்டால் மட்டும் மின்சாரம் வரும் ஒரு இடத்தில் தனியாக ஒரு சின்ன ஃபியூஸ் வைத்து எடுத்தேன். அது நேராக மானிட்டருக்கு, நடுவில் மின்சாரத்தில் கலந்து வரும் இரைச்சலை வடிகட்டும் ஒரு சுருள் பெட்டி வழியாக. அதே வயரைப் பின்பக்கத்துக்கும் கொண்டுபோய் ஒரு ரிலேயில் விட்டேன். ரிலே என்றால் மின்சாரம் இழுக்கும் ஒரு கதவு. லைட் வயர் அதைத் திறக்கும். திறந்தால் ஃபியூஸிலிருந்து வரும் நல்ல மின்சாரம் கேமராவுக்குப் போகும். அதே மின்சாரத்தில் ஒரு கிளை, படக் கேபிளோடு ஒட்டி வரும் மெல்லிய சிவப்பு வயர் வழியாக முன்னால் போய், "இப்போது பின்பக்கத்தைக் காட்டு" என்று மானிட்டரிடம் சொல்லும்.

ஓடவிட்டோம். ரிலே "டர்ர்ர்" என்று அடித்தது. வெட்டி வருகிற மின்சாரத்தில் கதவும் திறந்து திறந்து மூடுகிறது.

"அத்தான், உள்ள வண்டு புகுந்துருச்சு."

"பொறு, வண்டுக்கு வாய்ப்பூட்டு போடுறேன்."

லைட் வயருக்கும் ரிலேக்கும் நடுவில் ஒரு டயோடு. அது போனதைத் திரும்பி வரவிடாது. ரிலேயின் கதவை இழுக்கும் சுருளுக்குக் குறுக்கே ஒரு தடித்த கெப்பாசிட்டர். அது ஒரு துண்டு மின்சாரத்தைப் பிடித்து வைத்து, அடுத்த துண்டு வரும்வரை கதவை மூடவிடாது. முதல் மடக்கிலேயே அது மின்சாரத்தை ஒரேயடியாகக் குடித்துவிடாமலிருக்க, வேகத்தை மட்டுப்படுத்தும் ஒரு சின்ன ரெசிஸ்டர். சுருட்டி, ஒட்டி, உறை போட்டு வைத்தேன்.

ஓடவிட்டாள். 'டக்' என்று ஒரே சத்தம். படம் வந்தது. நின்றது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தபோது மட்டும் சாய்வாக மெல்லிய கோடுகள் ஓடின. அவளுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. கேமராவின் எர்த் பின்னால், மானிட்டரின் எர்த் முன்னால். இரண்டுக்கும் நடுவில் பாடி முழுக்க இன்ஜினின் மின்சாரச் சண்டை ஓடுகிறது. கேமராவின் கறுப்பு வயரை முன்னால் இழுத்து வந்து, மானிட்டருக்குக் கட்டிய அதே போல்ட்டில் கட்டினேன். கோடுகள் போயின.

"இவ்வளவு வேலைக்கு அப்புறம் உங்களை ஒரு வார்த்தை பாராட்டணும்னு தோணுது அத்தான்."

"சொல்லு."

"தோணுச்சு. அவ்வளவுதான்."

திங்கட்கிழமை காலை நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். என் வேலை என்பதால்தான் போனேன். அவளுக்காக என்று என் மனைவி சொல்வாள், நம்பாதீர்கள். மேற்பார்வையாளர் சரிவின் கீழே நின்றார், நான் மேலே. கார் மேலே வந்து நின்றது. பின்சீட்டில் வாத்தியார் முன்னால் பார்த்து உட்கார்ந்திருந்தார். வாயைத் திறக்கக் கூடாது என்று அவருக்குக் கட்டளை.

ஹாரன் ரிவர்ஸ் போட்டாள். வெள்ளை லைட் எரிந்தது. அந்த லைட் என்ன ரீங்காரம் செய்கிறது என்பது அந்த இடத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும்.

கார் மெதுவாக இறங்கியது. சுவருக்கும் கம்பித் தடுப்புக்கும் நடுவில், நூல் பிடித்த மாதிரி. வளைந்திருந்த இடத்தில் தடுப்பு கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அவளே வளைத்த வளைவு. அதைச் சுற்றி அரை விரல் ஒதுங்கினாள். பிறகு பாதிச் சரிவில் கார் நின்றது. நகரவில்லை.

படம் போய்விட்டது என்று நினைத்தேன். ரிலேயா, டயோடா, என் கையா?

ஹாரன் ஹாரனை அழுத்தினாள். அந்தச் சரிவு முழுக்க எதிரொலித்தது. ஜன்னலை இறக்கினாள்.

"சார்! பின்னால ஒரு சக்கர நாற்காலி கெடக்குது! மடிச்சபடி! யாராவது எடுங்க!"

நான் இறங்கிப் போய்க் காரின் ஓரமாகக் குனிந்து பார்த்தேன். பம்பருக்கு நேர் பின்னால், எந்தக் கண்ணாடியிலும் தெரியாத பள்ளத்தில், மடித்த சக்கர நாற்காலி ஒன்று தாழ்வாகச் சாய்ந்து கிடந்தது. மேற்பார்வையாளர் வந்து அதைத் தூக்கினார்.

"நான்தான் வைக்கச் சொன்னேன் அம்மா. மன்னிச்சுக்கோங்க. பழைய மாதிரி இருந்தா இது மேல வண்டியை ஏத்தியிருப்பீங்க."

"நாற்காலின்னா எனக்கு இப்பப் பழக்கம் சார்" என்றாள் அவள், என்னைப் பார்க்காமல்.

மீதிச் சரிவையும் இறங்கினாள். கதவருகில் நின்றதும், தூக்கக் கலக்கத்தில் வாத்தியாரின் குரல் வந்தது: "போதும்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் கதவைத் திறந்து அவர் கையைப் பிடித்து இறக்கும்போது, வார்டு ஜன்னலைப் பார்த்து ஒரு நிமிஷம் நின்றாள். நான் வயரைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

"நாளை மறுநாள் வழக்கம்போல வாங்க" என்று சொல்லிவிட்டு மேற்பார்வையாளர் உள்ளே போனார்.

வாத்தியாரை உள்ளே தள்ளிக்கொண்டு போன பிறகு, அவள் காரை மேலே எடுக்க முதல் கியர் போட்டாள். பக்கத்து சீட்டில் நான். கியர் மாறிய பிறகும் பின்பக்கப் படம் ஒரு கணம் திரையில் நின்று, பிறகுதான் மறைந்தது.

"இது ஏன் உடனே போகலை? மறுபடியும் கெட்டுடுச்சா?"

"கெடலை. கெப்பாசிட்டர்ல பிடிச்சு வச்சது தீர்ந்து, ரிலே கதவு மூடக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அது இருந்தாத்தான் படம் நிலையா நிக்கும்."

அவள் சரிவில் ஏறிக்கொண்டே, கழுத்தைத் திருப்பாமல், முன்னால் பார்த்தபடி சொன்னாள்:

"உங்களை மாதிரியே இருக்கு அத்தான். வேலை முடிஞ்சும் போக மனசு வர மாட்டேங்குது."

பலகையை நான் இன்னும் எடுக்கவில்லை. ஆனால் இப்போதெல்லாம் கேமரா மாட்டினால் காரை வெளியே தள்ளி, இன்ஜினை ஓடவிட்டுப் பார்க்கிறேன். தள்ளுகிறவர்கள் முனகுகிறார்கள். முனகட்டும்.